மன்றம் தானே ஆள்வதா, அரசு ஆள் பக்கத்தில் இருப்பதா? இங்கிலாந்தும் பிரான்சும்

உள்ளாட்சிச் சட்டம் எழுத உட்காரும் எந்த அரசும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் தப்புப் பண்ணினால் யார் தடுப்பது, எந்தக் கட்டத்தில் தடுப்பது? உலகத்தில் பல நாடுகள் இதற்கு இரண்டு பழைய பதில்களில் ஒன்றை எடுத்துக்கொண்டன, அல்லது இரண்டையும் கலந்துகொண்டன. இங்கிலாந்தின் பதில்: மன்றமே ஆளட்டும், பக்கத்தில் அரசு ஆள் யாரும் வேண்டாம், சட்டம் மீறினால் தணிக்கையாளரும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். பிரான்சின் பதில்: ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு நியமித்த ஒருவர் இருப்பார், மன்றம் எடுக்கும் முக்கியமான முடிவுகள் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவது சுதந்திரம், இரண்டாவது அடிமைத்தனம் என்று தோன்றும். நானும் பலரிடம் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இரண்டு நாட்டிலும் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மன்றத்தை முழுசாக ஓரங்கட்டி உட்காரவைத்தது இங்கிலாந்துதான். பிரான்சில் அது அபூர்வம். இது எப்படி என்று பார்த்துவிட்டு, தேர்வு செய்ய வேண்டியவர் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதற்கு வருகிறேன்.

பிரீஃபெக்ட் என்பவர் என்ன செய்கிறார்

1800-ல் நெப்போலியன் மாவட்டத்துக்கு ஒரு பிரீஃபெக்ட் என்று வைத்தார். நம் கலெக்டரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஊர் மேயரைக்கூட அரசே நியமித்தது. பிறகு படிப்படியாகத் தளர்ந்து, 1884 சட்டத்தில் கொம்யூன் என்கிற ஊராட்சி அலகுக்குத் தேர்ந்தெடுத்த மன்றமும், அந்த மன்றமே தேர்ந்தெடுக்கும் மேயரும் உறுதியானார்கள். ஆனால் பட்ஜெட் முதல் பல தீர்மானங்கள் பிரீஃபெக்ட் முன்கூட்டியே ஒப்புதல் தந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பாரீஸுக்கு இன்னும் மோசம். 1871-லிருந்து 1977 வரை அந்த நகரத்துக்கு மேயரே கிடையாது, பிரீஃபெக்ட்தான்.

இந்த முன்ஒப்புதலை 1982 மார்ச் 2-ஆம் தேதிச் சட்டம் எடுத்துவிட்டது. கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேர். அவரே மார்செய் நகரத்தின் மேயர் என்பதால் பிரீஃபெக்ட் தொல்லை என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு முறையை இன்று எடைபோடுகிறவர்கள் இந்த 1982-க்குப் பிந்தைய வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய வடிவத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

இப்போது நடப்பது இப்படி. மன்றம் தீர்மானம் போடுகிறது. முக்கிய வகைத் தீர்மானங்களை வெளியிட்டு, பிரீஃபெக்ட் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டால் அது உடனே செல்லுபடியாகும். அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்துக்குப் புறம்பாக இருப்பதாக அவருக்குப் பட்டால் முதலில் மேயருக்கு ஒரு கடிதம் எழுதுவார். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும், மேயர் திருத்திக்கொள்வார். ஆகவில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். ரத்து செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டுமே, பிரீஃபெக்டுக்கு இல்லை. ஓராண்டில் நாடு முழுவதும் பல லட்சம் தீர்மானங்கள் வந்து குவிகின்றன, நீதிமன்றம் வரை போவது அதில் ஒரு துளி.

இது எப்படி ஓடும் என்று காட்ட கிரெனோபிள் நகரத்தில் நடந்ததைச் சொல்லலாம். 2022 மே 16 அன்று அந்த நகர மன்றம் இழுபறி வாக்கெடுப்பில் நகராட்சி நீச்சல்குள விதிகளை மாற்றியது. உடலை ஒட்டித்தான் நீச்சலுடை இருக்க வேண்டும் என்ற விதியில் ஒரு விலக்கு வைத்தார்கள். முஸ்லிம் பெண்கள் அணியும் உடல் மறைக்கும் நீச்சலுடைக்கு வழிவிடத்தான் அது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உள்துறை அமைச்சர் வெளிப்படையாகவே எதிர்த்தார், பிரீஃபெக்டை வழக்குப் போடச் சொன்னார். மதச்சார்பின்மை, பொதுச் சேவையின் நடுநிலை ஆகியவற்றைத் தொட்டால் நீதிபதி 48 மணி நேரத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 2021-ல் ஒரு தனி வழி திறந்திருந்தார்கள், அந்த வழியில் வழக்குப் போனது. மே 25 அன்று விதிக்குத் தடை. நகராட்சி மேல்முறையீடு செய்தது. ஜூன் 21 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது.

ஒரு மாதம் ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது. மன்றம் கலைக்கப்படவில்லை, மேயர் பதவியில் இருந்தார், மற்ற தீர்மானங்கள் எதற்கும் சேதமில்லை. தீர்ப்பை ஏற்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் இருக்கலாம், அது வேறு விவாதம். முறை என்ற அளவில் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. தலையீடு சீக்கிரமாக, ஒரே ஒரு தீர்மானத்தின் மேல் மட்டும் விழுந்தது. அதே சமயம் பிரீஃபெக்ட் அமைச்சரின் ஆள் என்பதும் மறைக்க முடியாமல் தெரிந்தது. எந்த வழக்கைப் போடுவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்பது பாரீஸில் முடிவாகிறது. பிரெஞ்சு முறையை எடுக்கிறவர் இந்த இரண்டாவதையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்.

பணம் என்று வந்தால்

பிரான்சில் உண்மையான பிடி பட்ஜெட்டில் இருக்கிறது. ஏப்ரல் 15-க்குள் மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டும், மன்றத் தேர்தல் நடக்கும் ஆண்டில் ஏப்ரல் 30. வரவும் செலவும் உண்மையாகச் சமமாக இருக்க வேண்டும். கடன் வாங்கலாம், ஆனால் கட்டடம், சாலை போன்ற முதலீட்டுக்கு மட்டும்தான். அந்தக் கடனின் அசலை இன்னொரு கடன் வாங்கி அடைக்கக் கூடாது, சொந்த வருமானத்திலிருந்து கட்ட வேண்டும்.

இதில் ஓட்டை தெரிந்தால் பிரீஃபெக்ட் 30 நாளுக்குள் வட்டாரக் கணக்கு மன்றத்திடம் கொண்டுபோவார். 1982-ல் உருவான அந்த அமைப்பில் இருப்பவர்கள் நீதிபதிகள், யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. எந்தச் செலவைக் குறைக்கலாம், எந்த வரியை ஏற்றலாம் என்று அவர்கள் 30 நாளில் எழுதித் தருவார்கள். நகர மன்றத்துக்கு ஒரு மாத அவகாசம், அவர்களே திருத்திக்கொள்ளலாம். திருத்தவில்லையென்றால்தான் பிரீஃபெக்ட் தன் கையெழுத்தில் பட்ஜெட்டைப் போடுவார். சட்டப்படி கட்டாயமான செலவை, உதாரணமாகக் கடன் தவணையை, மன்றம் எழுதாமல் விட்டிருந்தாலும் இதே வழியில் உள்ளே எழுதிவிடுவார்கள்.

இன்னொரு ஏற்பாடு வெளியே அவ்வளவாகத் தெரியாது. மேயர் செலவுக்கு உத்தரவு போடலாம், ஆனால் காசை எடுத்துக் கொடுக்க முடியாது. கொடுப்பவர் அரசின் கணக்கர். நகராட்சிப் பணம் அரசுக் கருவூலத்தில்தான் இருக்கும். உத்தரவு போடுபவரும் பணம் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அங்கே பழைய கொள்கை. நம்மூரில் ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போடுவதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

இங்கிலாந்து எடுத்துவிட்ட தடைகள்

இங்கிலாந்தில் 1835 சட்டம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் கொடுத்தது. 1888, 1894 சட்டங்கள் அதைக் கவுண்ட்டி என்கிற மாவட்டத்துக்கும் கிராமத்துக்கும் கொண்டுபோயின. பிரீஃபெக்ட் மாதிரி ஒருவர் எங்கும் வைக்கப்படவில்லை. மன்றத்தின் குழுக்களே நிர்வாகத்தை நடத்தின, அலுவலர்கள் மன்றத்தின் சம்பளக்காரர்கள். பதிலுக்கு அன்று ஒரு கண்டிப்பு இருந்தது: சட்டம் பெயர் சொல்லிக் கொடுத்த வேலையை மட்டும்தான் செய்யலாம், அதைத் தாண்டினால் செல்லாது.

தாண்டியவர்களுக்குத் தண்டனையும் கடுமையாகத்தான் இருந்தது. அரசு நியமித்த மாவட்டத் தணிக்கையாளர் கணக்கைப் பார்த்து, சட்டவிரோதமாகச் செலவழித்த தொகையைக் கவுன்சிலர்கள் தலையிலேயே கட்டலாம். 1921-ல் லண்டனின் ஏழைப் பகுதியான பாப்லரில் ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான கவுன்சிலர்கள், பெருநகர அமைப்புக்குச் செலுத்த வேண்டிய பங்கை வசூலிக்க மறுத்தார்கள். 30 பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய போராட்டத்தால் சட்டம் மாறியது என்பது தனிக்கதை. 1980-களின் நடுவில் லிவர்பூலில் 47 கவுன்சிலர்களும் லாம்பெத்தில் 32 கவுன்சிலர்களும் வரி நிர்ணயத்தைத் தாமதப்படுத்தியதற்காகச் சொந்தக் கையிலிருந்து நஷ்டம் கட்ட நேர்ந்தது, பதவியும் போனது.

ஆக இங்கிலாந்தின் மன்றங்கள் ஒருபோதும் அவிழ்த்துவிடப்பட்டவை அல்ல. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 2000-ல் வந்த சட்டம் கவுன்சிலர் கையிலிருந்து நஷ்டம் வசூலிப்பதை எடுத்துவிட்டது. 2004-லிருந்து கடன் வாங்க அரசின் அனுமதி தேவையில்லை, கட்ட முடியும் என்று மன்றமே கணக்குப் போட்டுக்கொண்டால் போதும். 2015-ல் உள்ளாட்சித் தணிக்கையை மேற்பார்த்த தணிக்கை ஆணையத்தையும் மூடினார்கள், வேலை தனியார் தணிக்கை நிறுவனங்களுக்குப் போனது. 2022-23 கணக்கில் நூற்றுக்கு ஒரு மன்றம்தான் தணிக்கை முடிந்த கணக்கைக் கெடுவுக்குள் வெளியிட்டது. ஒவ்வொன்றையும் எடுத்தபோது சொல்லப்பட்ட காரணம் உள்ளாட்சிக்கு மேலும் சுதந்திரம் என்பதுதான். கடைசியில் பக்கத்தில் இருந்த தடைகள் எல்லாம் போய், தூரத்தில் இருந்த ஒன்று மட்டும் மிச்சமானது. அது மன்றத்தின் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்ள அமைச்சர் அனுப்பும் கமிஷனர்.

வோக்கிங் என்பது லண்டனுக்குத் தென்மேற்கே ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். அந்த மன்றம் அரசின் கடன் வாரியத்திடம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, தன் சொந்தக் கம்பெனிகளுக்குக் கொடுத்து, ஊர் நடுவில் அடுக்குமாடிக் கோபுரங்களும் ஹோட்டலும் கட்டியது. கடன் கிட்டத்தட்ட 200 கோடி பவுண்டை எட்டியது. அசலை அடைக்க ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து ஒரு தொகை ஒதுக்கி வைக்க வேண்டும், அதைப் போதுமான அளவு ஒதுக்கவில்லை. கம்பெனி சம்பாதித்துத் திருப்பித் தரும் என்று நம்பினார்கள். 2023 மே மாதம் அமைச்சர் கமிஷனர்களை அனுப்பினார். ஜூன் 7 அன்று மன்றத்தின் நிதி அதிகாரி 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டார். வருமானத்துக்குள் செலவை அடக்க முடியாது என்று அந்த அதிகாரி எழுத்தில் சொல்வதுதான் அது. அன்றிலிருந்து சட்டப்படி கட்டாயமல்லாத புதிய செலவு எதற்கும் கை வைக்க முடியாது, 21 நாளுக்குள் மன்றம் கூடிப் பதில் சொல்ல வேண்டும். வோக்கிங் காட்டிய பற்றாக்குறை 120 கோடி பவுண்டு. மன்றம் ஓராண்டில் சேவைகளுக்குச் செலவழிக்கக் கையில் இருந்ததோ 1.6 கோடி பவுண்டு. இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு வோக்கிங்வாசிகளின் மன்ற வரி 9.99 சதவீதம் ஏறியது. வழக்கமாக வரம்பைத் தாண்டி ஏற்ற ஊரில் வாக்கெடுப்பு வைக்க வேண்டும், அரசு அந்த வரம்பையே வோக்கிங்குக்காகத் தளர்த்தியது. கமிஷனர்களின் நாள் கணக்கிலான ஊதியமும் அதே மன்றத்தின் பையிலிருந்துதான் போகிறது. கடன் வாங்கியபோது ஆண்ட கட்சி ஏற்கனவே தோற்று வெளியே போயிருந்தது, வந்து மாட்டிக்கொண்டது வேறு கட்சி. தேர்தல்தான் கண்காணிப்பு என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முப்பது, ஐம்பது ஆண்டுக் கடனை நான்கு ஆண்டுப் பதவி தண்டிக்க முடியாது.

வோக்கிங் தனி ஆள் அல்ல. குரோய்டன், ஸ்லோ, தரக் என்று வரிசையாக விழுந்தன, 2023 செப்டம்பரில் பர்மிங்காமே விழுந்தது. அங்கே காரணம் வேறு, பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் விட்டதன் பாக்கியும் சொதப்பிய கணினிக் கணக்கு முறையும். நார்த்தாம்ப்டன்ஷயர் கவுண்ட்டி 2018-ல் இரண்டு முறை இந்த அறிவிப்பை வெளியிட்டது. அங்கே மன்றத்தையே ஒழித்து, 2021 ஏப்ரல் 1-லிருந்து அந்த இடத்தில் இரண்டு புதிய மன்றங்களை வைத்தார்கள். கவுண்ட்டி கவுன்சில் என்பது 1889-லிருந்து இருந்த அமைப்பு, ஒரு நாடாளுமன்ற உத்தரவில் போனது. பிரெஞ்சு பிரீஃபெக்ட் கனவில்கூட இதைச் செய்ய முடியாது.

அதே வோக்கிங் பிரான்சில் இருந்திருந்தால்

இது கற்பனைக் கணக்குதான், ஆனால் தேர்வு செய்ய உதவும். முதல் பெரிய கடன் வாங்கிய மறு ஆண்டே அசல் தவணை பட்ஜெட்டில் கட்டாயச் செலவாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் ஏப்ரலில் பிரீஃபெக்ட் கேட்டிருப்பார், கோடைக்குள் கணக்கு மன்றம் அதை எழுதி, வரியையும் சேர்த்து ஏற்றியிருக்கும். ஊர் மக்கள் அப்போதே கூச்சல் போட்டிருப்பார்கள். இரண்டாவது கோபுரத்துக்கு அஸ்திவாரம் விழுந்திருக்காது. கம்பெனி பெயரில் கடன் வாங்கி மன்றம் ஜாமீன் நின்றாலும், சொந்தத் தவணையும் ஜாமீன் தவணையும் சேர்ந்து நடைமுறை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 1988-லிருந்து ஒரு வரம்பு இருக்கிறது. 1.6 கோடி இருக்கிறவர் 200 கோடிக்கு எங்கே போவது?

ஆனால் பிரான்சும் ஏமாந்திருக்கிறது. 2000-களில் நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள் வங்கிகள் விற்ற விஷக் கடன்களை வாங்கின. முதல் சில ஆண்டு வட்டி குறைவு, அதன் பிறகு யூரோவுக்கும் சுவிஸ் பிராங்குக்கும் உள்ள மாற்று விகிதம் போன்றவற்றைப் பொறுத்து எகிறும். பாரீஸை ஒட்டிய சேன்-சேன்-தெனி மாவட்ட மன்றம் 2011-ல் வங்கிகள் மீது வழக்கே போட்டது. பிரீஃபெக்ட் ஏன் தடுக்கவில்லை? ஏனென்றால் பட்ஜெட் சமமாகத்தான் இருந்தது, தவணை எழுதப்பட்டுத்தான் இருந்தது. அவர் பார்ப்பது சட்டத்தையும் கூட்டலையும்தான். ஒப்பந்தம் புத்திசாலித்தனமானதா என்று பார்க்க அவருக்கு அதிகாரமும் இல்லை, ஆளும் இல்லை. கடைசியில் அரசு ஒரு நிதி வைத்துச் சேதத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. பிரெஞ்சு முறை ஓட்டாண்டியாவதைத் தடுக்கும், முட்டாள்தனத்தைத் தடுக்காது.

யாருக்கு எது பொருந்தும்

இந்த இடத்தில் பலர் தவறவிடுவது ஊரின் அளவு. பிரான்சில் கிட்டத்தட்ட 35,000 கொம்யூன்கள், அதில் பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாதவை. அந்த ஊர் மேயர் விவசாயியாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருப்பார், அலுவலகத்தில் பகுதி நேரச் செயலர் ஒருவர். அவருக்குப் பிரீஃபெக்ட் அலுவலகம் என்பது மேலே நிற்கும் போலீஸ் அல்ல, இலவசமாகக் கிடைக்கும் வக்கீல். தீர்மானத்தை அனுப்பும் முன்பே ஃபோன் போட்டு இது சரிதானா என்று கேட்டுக்கொள்வார். இங்கிலாந்தில் பெரிய மன்றங்கள் முந்நூற்றுச் சொச்சம்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்த வக்கீல், சொந்த நிதி அதிகாரி, சொந்தப் பொறியாளர் உண்டு. அவற்றில் பல, பள்ளி, முதியோர் கவனிப்பு போன்ற கனமான சேவைகளைத் தாங்குகிற அளவு பெரியவை. ஆகவே சிறிய ஊராட்சிகள் ஏராளமாக இருக்கும் இடத்தில் இங்கிலாந்து முறையை அப்படியே வைத்தால் மன்றம் தனியாக நின்று தடுமாறும். பெரிய மாநகரங்களுக்கு முழு பிரெஞ்சு முறை வைத்தால் கடிதப் போக்குவரத்து கூடுமே தவிர, பெரிதாகப் பயன் இருக்காது.

அளவு எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது பிரெஞ்சு பட்ஜெட் நாட்காட்டியை. தேதி நிர்ணயம், கட்டாயச் செலவு, சுயேச்சையான கணக்கு மன்றம், மன்றத்துக்கே முதல் திருத்த வாய்ப்பு. இதில் மன்றத்தின் கொள்கை எதையும் யாரும் தொடுவதில்லை. இங்கிலாந்திலிருந்து எடுக்க வேண்டியது 114-ஆம் பிரிவு அதிகாரி. மன்றத்தின் சம்பளம் வாங்கிக்கொண்டே மன்றத்தை எதிர்த்து எழுதச் சட்டக் கடமை உள்ள ஒருவர் உள்ளேயே இருப்பது பெரிய விஷயம். வோக்கிங்கில் அவர் எழுதியபோது காலம் கடந்துவிட்டது, ஆனால் உண்மை எண்ணை ஊருக்குச் சொன்னது அந்த அறிவிப்புதான். எடுக்கவே கூடாதது, முடிவுத் தேதி அமைச்சர் கையில் இருக்கும் கமிஷனர் முறை.

மன்றத்தைக் கலைப்பதில் இரண்டு நாட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பிரான்சில் கலைக்க அமைச்சரவைக் கூட்டத்தில் காரணம் எழுதிய ஆணை வேண்டும். கலைத்தபின் சிறிய ஊரானால் மூன்று பேர் கொண்ட தற்காலிகக் குழு வரும். அன்றாட, அவசர வேலைகளை மட்டும் பார்க்கலாம், அந்த ஆண்டு வருமானத்துக்கு மேல் ஊரைக் கடமைப்படுத்தக் கூடாது. மூன்று மாதத்துக்குள் தேர்தல். மேயரைப் பிரீஃபெக்ட் நீக்க முடியாது, அமைச்சர் ஒரு மாதம் வரை இடைநீக்கம் செய்யலாம், நீக்குவதற்கு மறுபடி அமைச்சரவை ஆணை. இங்கிலாந்தில் கமிஷனர் இருக்கும்போது மன்றம் பெயரளவில் இருக்கும், அதன் அதிகாரத்தில் அமைச்சர் குறிப்பிட்ட பகுதி கமிஷனரிடம் இருக்கும். பர்மிங்காமுக்கு ஐந்து ஆண்டு வரை என்று எழுதினார்கள்.

நம் பக்கம்

இந்த இரண்டு மரபும் தமிழ் மண்ணில் அடுத்தடுத்து இருந்தவை. புதுச்சேரியில் 1880-ல் பிரெஞ்சு ஆணை கொம்யூன்களை உருவாக்கியது, இன்றும் அங்கே கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்த 178 பேரில் சட்டமன்ற உறுப்பினர்களோடு நகராட்சிக் கவுன்சிலர்களும் இருந்தார்கள், 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டோடு சேர்வது என்பதில் ஊர்க் கவுன்சிலர் வாக்களித்த வேறு சம்பவம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அப்படிப்பட்ட ஊரில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். 2011-ல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது, பிறகு பத்தாண்டுக்கு மேல் தேர்தல் இல்லை, அதிகாரிகள்தான். சென்னையோ 1688-லிருந்து ஆங்கில மரபில் மாநகராட்சி. 1973-ல் கலைத்தார்கள், அடுத்த தேர்ந்தெடுத்த மன்றம் 1996-ல்தான் வந்தது. நடுவில் 23 ஆண்டு தனி அலுவலர்.

கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று அரசியலமைப்பு இப்போது சொல்கிறது, பதவிக்காலம் முடிவதற்குள்ளேயே அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனாலும் சென்னை 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை மன்றம் இல்லாமல் இருந்தது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்களுக்குக் குறைவில்லை. கெடு சட்டத்தில் இருந்தும் நடக்கவில்லையென்றால், தனி அலுவலரின் அதிகாரத்தைச் சுருக்குவதுதான் அடுத்த வழி. பிரெஞ்சுத் தற்காலிகக் குழுவுக்குப் போல, டெண்டரும் வரி மாற்றமும் பெரிய ஒப்பந்தமும் அவர் கையில் இல்லை என்று எழுதிவிட்டால், தேர்தலைத் தள்ளிப்போடுவதில் யாருக்கும் லாபம் இருக்காது.

தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகள் அளவில் பிரெஞ்சு கொம்யூனுக்குத்தான் பக்கம். மேலே கலெக்டர் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பெயரில் இருக்கிறார். ஆனால் அவரிடம் இருப்பது 1982-க்கு முந்தைய பிரீஃபெக்டின் கை. தலைவருக்கு நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் பிடிக்காவிட்டால் தாசில்தாரை விட்டு உறுப்பினர் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்டு, அவரே நீக்கிவிடலாம். குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே. இதில் ஒரே ஒரு படியை மாற்றி, கலெக்டர் வழக்கை ஒரு தீர்ப்பாயத்திடம் கொண்டுபோக வேண்டும், முப்பது நாளில் அது முடிவு சொல்ல வேண்டும் என்று வைத்தால் பிரெஞ்சு முறையின் நல்ல பாதி வந்துவிடும். பட்ஜெட் பக்கம் கொஞ்சம் கடினம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது செலவான பிறகான கணக்கை. ஏப்ரலில் வரும் பட்ஜெட்டை அந்தக் கோடைக்குள் படித்து, திருத்தம் எழுதித் தர ஒவ்வொரு மாவட்டத்திலும் கணக்குத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அவர்கள் கலெக்டருக்குக் கீழே இல்லாமல் இருக்கவும் வேண்டும்.